இரட்டைத் தலைகீழி வரைபடத்தில் போட்டித் தடுப்பையும் போட்டியற்ற தடுப்பையும் பிரித்தறிவது எப்படி?

நொதித் தடுப்பு பற்றிய ஆய்வக அறிக்கைகளில் முடிவுரை பெரும்பாலும் ஒரே வாக்கியமாக இருக்கும்: "கோடுகள் செங்குத்து அச்சில் சந்திக்கின்றன, எனவே இது போட்டித் தடுப்பு." வரைபடத்தைப் பார்த்தால் கோடுகள் அச்சுக்குச் சற்று இடப்புறமோ வலப்புறமோ சந்தித்திருக்கும். மாணவர் கண்ணால் பார்த்து, பாடநூல் படத்துக்கு நெருக்கமானது எதுவோ அதைத் தேர்ந்திருப்பார். கோடுகள் எங்கே சந்திக்கின்றன என்பதைக் கண்ணால் முடிவு செய்யாமல், எண்ணாகவும் அந்த எண்ணின் பிழையோடும் சொல்வது எப்படி என்பதை ஒரு சோதனையின் அளவீடுகளைக் கொண்டு இங்கே பார்ப்போம்.

கோடு என்ன சொல்கிறது

தளப்பொருளின் செறிவு `[S]`, வினையின் தொடக்க வேகம் `v` ஆகிய இரண்டையும் தலைகீழிகளாக்கி, கிடை அச்சில் `1/[S]`, செங்குத்து அச்சில் `1/v` எனக் குறித்தால் மைக்கேலிஸ்–மென்டன் வளைகோடு நேர்கோடாகிவிடும். லைன்வீவர், பர்க் ஆகிய இருவரும் 1934-இல் வெளியிட்ட இந்த முறையின் சமன்பாடு இது:

```
1/v = (Km/Vmax)·(1/[S]) + 1/Vmax
```

கோட்டின் சாய்வு `Km/Vmax`. செங்குத்து அச்சில் அது வெட்டும் இடம் `1/Vmax`. இடப்புறமாக நீட்டினால் கிடை அச்சை வெட்டும் இடம் `-1/Km`.

இவற்றுள் செங்குத்து அச்சின் வெட்டுத்துண்டே தடுப்பின் வகையைத் தீர்மானிக்கிறது. `1/[S]` சுழியாக இருப்பதென்றால், தளப்பொருள் எல்லையற்ற அளவில் இருக்கிறது என்று பொருள். தடுப்பானும் தளப்பொருளும் நொதியின் மீது ஒரே நேரத்தில் அமர முடியாதவை என்றால், அந்த எல்லையில் தளப்பொருள் தடுப்பானை முற்றிலும் விரட்டிவிடும். ஆகவே `Vmax` மாறாது, வெட்டுத்துண்டும் மாறாது. இது போட்டித் தடுப்பு. தளப்பொருள் அமர்ந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் தடுப்பான் ஒரே வலிமையோடு வேறோர் இடத்தில் பிணைந்து நொதியை முடக்குகிறது என்றால், எவ்வளவு தளப்பொருள் சேர்த்தாலும் நொதியின் ஒரு பங்கு செயலற்றே இருக்கும். `Vmax` குறையும், `Km` மாறாது. இது போட்டியற்ற தடுப்பு.

சாய்வு இரண்டு வகையிலும் கூடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். "தடுப்பானைச் சேர்த்ததும் கோடு செங்குத்தானது" என்று எழுதுவது தடுப்பு நிகழ்ந்ததைச் சொல்லுமே தவிர, வகையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

அளவீட்டில் முன்கூட்டியே காக்க வேண்டியவை

எடுத்துக்காட்டுக்கு அல்கலைன் பாஸ்படேஸ் நொதியை எடுத்துக்கொள்வோம். இது நிறமற்ற பாரா-நைட்ரோபீனைல் பாஸ்பேட்டை உடைத்து, கார ஊடகத்தில் மஞ்சள் நிறம் தரும் பாரா-நைட்ரோபீனாலையும் பாஸ்பேட்டையும் விடுவிக்கிறது. மஞ்சள் நிறம் கூடும் வேகத்தை 405 நானோமீட்டர் அலைநீளத்தில் நிமிடத்துக்கு நிமிடம் அளந்தால் அதுவே வினையின் வேகம்.

இந்த வினையில் புதியவர்கள் எளிதில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. விடுபடும் பாஸ்பேட்டே இந்நொதிக்குப் போட்டித் தடுப்பான். வினையை நீண்ட நேரம் ஓடவிட்டால், தடுப்பான் சேர்க்காத குழாயிலும் தடுப்பான் உருவாகிக்கொண்டிருக்கும். அதனால் தொடக்க வேகத்தை மட்டுமே அளக்க வேண்டும். தளப்பொருளில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகாத கால அளவு என்பது பொதுவான வரம்பு. கார ஊடகத்தில் பாரா-நைட்ரோபீனாலின் மோலார் உறிஞ்சல் கெழு ஏறத்தாழ 18,000 என்பதால் இதை எளிதில் சரிபார்க்கலாம். தளப்பொருள் 0.20 மில்லிமோலார் இருக்கும் குழாயில் நிமிடத்துக்கு 0.057 உறிஞ்சல் கூடினால், மூன்று நிமிடங்களில் 0.171 கூடும்; இது 0.0095 மில்லிமோலார் விளைபொருள், அதாவது தொடக்கத் தளப்பொருளில் 5 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. மூன்று நிமிடம் அளக்கலாம். பதினைந்து நிமிடம் கூடாது. பாஸ்பேட் தாங்கல் கரைசலை இந்தச் சோதனையில் ஏன் பயன்படுத்தக் கூடாது என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

தடுப்பான் கரைசலை வினை நடக்கும் அதே தாங்கல் கரைசலில், அதே pH-இல் தயாரிக்க வேண்டும். அமிலத்தன்மையுள்ள பாஸ்பேட் உப்பை நேரடியாகக் கரைத்துச் சேர்த்தால் pH இறங்கும். அப்போது வேகம் குறைந்ததற்குக் காரணம் தடுப்பானா, pH மாற்றமா என்று பிரிக்க முடியாது. கட்டுப்பாட்டுக் குழாயில் தடுப்பானுக்குப் பதிலாக அதே கன அளவு தாங்கல் கரைசலைச் சேர்க்க வேண்டும். தளப்பொருள் நொதி இல்லாமலே மெல்லச் சிதையக்கூடியது என்பதால், ஒவ்வொரு தளப்பொருள் செறிவுக்கும் நொதியில்லா வெற்றுக் குழாய் ஒன்றை அளந்து, அதன் வேகத்தைக் கழிக்க வேண்டும்.

செறிவுகளைத் தேர்வதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. `Km`-இன் பாதிக்கும் கீழே தொடங்கி அதன் நான்கு மடங்கு வரையிலாவது செல்ல வேண்டும். உயர் செறிவுப் புள்ளிகளே செங்குத்து அச்சுக்கு அருகில் விழுகின்றன. அவை இல்லாவிட்டால் வெட்டுத்துண்டு வெறும் நீட்டிப்பாகிவிடும்.

ஒரு முழுக் கணக்கு

கீழே உள்ளவை கணக்கு முறையைக் காட்டுவதற்காக அமைத்த எண்கள். வேகம் யாவும் நிமிடத்துக்கு எவ்வளவு உறிஞ்சல் கூடியது என்ற அலகில் உள்ளன. A என்ற குப்பியில் இருப்பது பாஸ்பேட்; வினைக் கலவையில் அதன் செறிவு 0.50 மில்லிமோலார். B என்ற குப்பியில் இருப்பது என்னவென்று மாணவருக்குச் சொல்லப்படவில்லை.

| தளப்பொருள் (மில்லிமோலார்) | தடுப்பான் இல்லாமல் | A உடன் | B உடன் |
|---|---|---|---|
| 0.20 | 0.057 | 0.034 | 0.028 |
| 0.25 | 0.067 | 0.039 | 0.034 |
| 0.50 | 0.099 | 0.067 | 0.050 |
| 1.00 | 0.135 | 0.098 | 0.066 |
| 2.00 | 0.159 | 0.134 | 0.081 |

வரைபடம் போடுவதற்கு முன் இந்த அட்டவணையையே ஒரு முறை நிதானமாகப் படிக்க வேண்டும். A-யைச் சேர்த்தபோது, தளப்பொருள் மிகக் குறைந்த குழாயில் வேகம் 40 விழுக்காடு குறைந்தது. மிகுந்த குழாயில் 16 விழுக்காடே குறைந்தது. தளப்பொருள் கூடக் கூடத் தடுப்பு தளர்கிறது. B-யிலோ முதல் குழாயில் 51 விழுக்காடு, கடைசிக் குழாயில் 49 விழுக்காடு. தளப்பொருளின் அளவை அது பொருட்படுத்தவே இல்லை. வகை ஏறக்குறைய இங்கேயே தெரிந்துவிடுகிறது. பின்னால் வரைபடம் வேறொன்றைச் சொன்னால், வரைபடத்தைச் சந்தேகிக்க வேண்டுமே தவிர இந்த எண்களை அல்ல.

இனி முதல் படி, ஒவ்வொரு செறிவையும் வேகத்தையும் தலைகீழியாக்குவது. `1/[S]` முறையே 5, 4, 2, 1, 0.5 ஆகும். வேகத்தை முதலில் இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கிவிட்டுத் தலைகீழியாக்கக் கூடாது, 0.034-ஐ 0.03 என்று எழுதினால் தலைகீழி 29.4-இலிருந்து 33.3-க்குத் தாவிவிடும்.

இரண்டாவது படி, மூன்று கோடுகளையும் தனித்தனியே பொருத்துவது. விரிதாளில் போக்குக்கோட்டை மட்டும் சேர்த்து அதன் சமன்பாட்டைப் படித்து எழுதினால் பிழையளவு கிடைக்காது. அதற்குப் பதிலாக, `1/[S]` மதிப்புகள் A நிரலிலும் `1/v` மதிப்புகள் B நிரலிலும் இருப்பதாகக் கொண்டு, இதைப் பயன்படுத்தலாம்:

```
=LINEST(B2:B6, A2:A6, TRUE, TRUE)
```

விடையின் முதல் வரிசையில் சாய்வும் வெட்டுத்துண்டும், இரண்டாவது வரிசையில் அவற்றின் திட்டப்பிழைகளும் வரும். நம் எண்களுக்குத் தடுப்பான் இல்லாக் கோட்டின் சாய்வு 2.50, வெட்டுத்துண்டு 5.00 ± 0.08. A-யின் சாய்வு 4.95, வெட்டுத்துண்டு 5.1 ± 0.4. B-யின் சாய்வு 5.07, வெட்டுத்துண்டு 9.9 ± 0.4.

மூன்றாவது படியில்தான் தீர்ப்பு. தடுப்பான் உள்ள கோட்டின் சாய்வைத் தடுப்பான் இல்லாக் கோட்டின் சாய்வால் வகுத்தால் ஒரு விகிதம். வெட்டுத்துண்டுகளையும் அவ்வாறே வகுத்தால் இன்னொரு விகிதம். A-க்குச் சாய்வு விகிதம் 1.98, வெட்டுத்துண்டு விகிதம் 1.03. சாய்வு இரட்டித்தது, வெட்டுத்துண்டோ பிழையளவுக்குள் மாறவே இல்லை. எனவே போட்டித் தடுப்பு. B-க்கு 2.03, 1.97, இரண்டும் சேர்ந்தே, ஒரே அளவில் இரட்டித்திருக்கின்றன, எனவே போட்டியற்ற தடுப்பின் வடிவம். `Km`-ஐச் சாய்வை வெட்டுத்துண்டால் வகுத்துப் பெறலாம்: தடுப்பான் இல்லாமல் 0.50, A உடன் 0.96, B உடன் 0.51 மில்லிமோலார். `Vmax` முறையே 0.200, 0.194, 0.101.

இரண்டு விகிதங்களும் 1-ஐவிடப் பெரியவையாக இருந்து, பிழையளவைத் தாண்டி ஒன்றுக்கொன்று வேறுபட்டால், அது கலப்புத் தடுப்பு. கோடுகள் இரண்டு அச்சுகளிலும் சந்திக்காமல் செங்குத்து அச்சுக்கு இடப்புறத்தில் எங்கோ சந்திக்கும். உண்மையில், முற்றிலும் தூய போட்டியற்ற தடுப்பு அரிது, கலப்புத் தடுப்பே அதிகம். சாய்வு மாறாமல் வெட்டுத்துண்டு மட்டும் கூடினால் கோடுகள் இணையாக ஓடும். அது அன்கம்பெட்டிட்டிவ் எனப்படும் வேறு வகை. பெயர் ஒத்திருப்பதால் அதைப் போட்டியற்ற தடுப்போடு குழப்பிக்கொள்பவர்கள் பலர்.

வரைபடம் வரையும்போது, கோடுகளை இடப்புறமாகக் குறைந்தது −2.5 வரையாவது நீட்ட வேண்டும். விரிதாள்கள் கிடை அச்சைச் சுழியிலிருந்தே தொடங்கிக் காட்டுவதால், B-யின் கோடும் கட்டுப்பாட்டுக் கோடும் கிடை அச்சில் −2-க்கு அருகே சந்திப்பது படத்தில் இல்லாமலே போய்விடும்.

ஒரே ஒரு புள்ளி தீர்ப்பை மாற்றுவது

இந்த வரைபடத்தின் பெரும் பலவீனம் தலைகீழியிலேயே இருக்கிறது. வேகத்தை அளப்பதில் 0.001 பிழை நேர்ந்தால், A-யின் கடைசிக் குழாயில் (0.134) `1/v` மாறுவது சுமார் 0.06 மட்டுமே. அதே 0.001 பிழை முதல் குழாயில் (0.034) நேர்ந்தால் `1/v` சுமார் 0.87 மாறும், பதினைந்து மடங்குக்கு மேல். அதோடு அந்தப் புள்ளி கோட்டின் வலக் கோடியில் தனியே நிற்பதால் நெம்புகோலைப் போலக் கோட்டையே சாய்த்துவிடும். நம்பகம் குறைந்த புள்ளிக்கு அதிகாரம் மிகுதி என்பதுதான் சிக்கல்.

A-யின் முதல் குழாயில் 0.034-க்குப் பதிலாக 0.031 என்று அளவிட்டதாக வைத்துக்கொள்வோம். மற்ற நான்கு எண்களும் அப்படியே இருக்கட்டும். சாய்வு 5.43 ஆகும், வெட்டுத்துண்டு 4.5-க்கு இறங்கும். கோடுகள் இப்போது செங்குத்து அச்சின் வலப்புறத்தில் சந்திக்கின்றன. அப்படியே நம்பினால், தளப்பொருள் மிகும்போது இந்தத் தடுப்பான் நொதியை வேகப்படுத்துகிறது என்று பொருளாகிவிடும். மாறாக 0.037 என்று அளவிட்டிருந்தால் வெட்டுத்துண்டு 5.7-க்கு ஏறும், கோடுகள் அச்சுக்கு இடப்புறத்தில் சந்திக்கும், "கலப்புத் தடுப்பு" என்று எழுதத் தோன்றும். முதல் நிலையில் `R²` 0.998, இரண்டாவதில் 0.98. `R²` உயர்ந்திருக்கிறது என்பதைத் தடுப்பின் வகைக்குச் சான்றாக எழுதக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

இங்கே திட்டப்பிழை கைகொடுக்கிறது. 0.031 என்ற தவறான அளவீட்டோடும் வெட்டுத்துண்டு 4.5 ± 0.5 என்றே வரும், அது 5.00-இலிருந்து ஏறத்தாழ ஒரு பிழையளவுதான் விலகியிருக்கிறது, ஆகவே வெட்டுத்துண்டு மாறியதாகச் சொல்ல இடமில்லை. B-யின் 9.9 ± 0.4 அப்படியல்ல, அது பத்துப் பிழையளவுக்கும் மேல் தள்ளி நிற்கிறது.

ஒரு புள்ளி கோட்டிலிருந்து விலகியிருக்கிறது என்பதற்காக மட்டும் அதை நீக்கிவிடக் கூடாது. அந்தக் குழாயை மூன்று முறை அளந்து சராசரியைப் பயன்படுத்துவது சரியான வழி; நேரம் இருந்தால் தாழ்ந்த செறிவுக் குழாய்களுக்கே மறு அளவீடுகளைச் செலவிட வேண்டும். `Km`, `Vmax` மதிப்புகளை இறுதியாக அறிவிக்க, தலைகீழியாக்காத வேகங்களை நேரடியாக மைக்கேலிஸ்–மென்டன் சமன்பாட்டில் பொருத்திப் பெறுவதே மேல். இரட்டைத் தலைகீழி வரைபடம் தடுப்பின் வடிவத்தைக் காட்டுவதற்கு நல்லது. எண்களைப் பெறுவதற்கு அவ்வளவு நல்லதல்ல.

அறிக்கையில் எழுதும் விதம்

A-யைப் பற்றிய முடிவை இப்படி எழுதலாம்: "0.50 மில்லிமோலார் பாஸ்பேட் முன்னிலையில் இரட்டைத் தலைகீழிக் கோட்டின் சாய்வு 1.98 மடங்கானது, செங்குத்து அச்சின் வெட்டுத்துண்டு (5.1 ± 0.4) தடுப்பான் இல்லாத மதிப்பிலிருந்து (5.00 ± 0.08) பிழையளவுக்குள் மாறவில்லை. தளப்பொருள் செறிவு 0.20-இலிருந்து 2.00 மில்லிமோலாராகக் கூடியபோது தடுப்பு 40 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைந்ததும் இதனோடு இசைகிறது. இந்த அமைவு போட்டித் தடுப்புக்குரியது."

தடுப்பு மாறிலி `Ki` கேட்கப்பட்டால், சாய்வு விகிதம் `1 + [I]/Ki` என்பதிலிருந்து 0.50-ஐ 0.98-ஆல் வகுத்து, சுமார் 0.51 மில்லிமோலார் என்று பெறலாம். ஒரே ஒரு தடுப்பான் செறிவிலிருந்து வந்த மதிப்பு என்பதையும் கூடவே எழுத வேண்டும். மூன்று அல்லது நான்கு தடுப்பான் செறிவுகளில் சாய்வைக் கண்டு, சாய்வைத் தடுப்பான் செறிவுக்கு எதிராக வரைந்து அது நேர்கோடாக வந்தால்தான் அந்த மதிப்பின் மேல் உறுதி வைக்க முடியும்.

"தடுப்பான் செயல்மையத்தில் பிணைகிறது என்று நிரூபிக்கப்பட்டது" என்று எழுதுவது மிகை. இரண்டும் ஒன்றாக அமர முடியாது என்பதை மட்டுமே வரைபடம் காட்டுகிறது. பாஸ்பேட்டின் அமைப்பு தளப்பொருளின் ஒரு பகுதியை ஒத்திருப்பதால் செயல்மையம் என்பது நியாயமான ஊகம். அதை ஊகமாகவே எழுத வேண்டும்.

B-யைப் பற்றி எழுதுவதற்கு இன்னும் கவனம் வேண்டும். நொதியின் பாதியை மீளாத வகையில் கெடுத்துவிடும் பொருளும் இதே வடிவத்தைத்தான் தரும்: எஞ்சிய பாதி நொதி வழக்கம்போல் இயங்குவதால் `Km` மாறாது, `Vmax` பாதியாகும். அல்கலைன் பாஸ்படேஸுக்குத் துத்தநாக அயனி இன்றியமையாதது, ஈ.டி.டி.ஏ. அந்த அயனியைப் பிடித்துக்கொண்டு நொதியைப் படிப்படியாகச் செயலிழக்கச் செய்யும். B குப்பியில் இருப்பது அதுவாக இருந்தால், வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது போட்டியற்ற தடுப்பான் போலவே தோன்றும்.

இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. நொதியையும் B-யையும் கலந்து, தளப்பொருளைச் சேர்க்கும் முன் 2, 10, 30 நிமிடங்கள் எனக் காத்திருந்து, ஒவ்வொரு முறையும் வேகத்தை அளக்க வேண்டும். B இல்லாத நொதியையும் அதே நேரங்கள் வைத்திருந்து அளந்தால், நொதி தானாகவே நலிகிறதா என்பதும் தெரிந்துவிடும். விரைவில் சமநிலை அடையும் மீள்தடுப்பானாக இருந்தால் மூன்று நேரத்திலும் ஒரே வேகம் வரும். காத்திருக்கும் நேரம் கூடக் கூட வேகம் இறங்கிக்கொண்டே போனால், நடப்பது செயலிழப்பு. அப்போது `Ki` என்ற எண்ணைக் கணக்கிடுவதில் பொருளில்லை. இந்தச் சோதனையைச் செய்ய இயலாத வகுப்பில், B-க்கான முடிவை இவ்வாறு எழுதலாம்: "சாய்வும் வெட்டுத்துண்டும் ஒரே மடங்கில் (2.03, 1.97) கூடியுள்ளன, `Km` மாறவில்லை. இது போட்டியற்ற தடுப்போடு இசைகிறது. ஆனால் காலத்தைச் சார்ந்த செயலிழப்பு இருக்கக்கூடும் என்பதை இந்தத் தரவுகள் விலக்கவில்லை."